டாக்டர் எழுதியதை எழுதியபடியே எழுதுங்கள்



மருந்துச் சீட்டை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இப்போது எல்லா வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. சீட்டு மழையில் நனைந்தாலும், மடித்து மடித்துக் கிழிந்தாலும் படம் இருக்கிறதே என்ற தைரியம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் இருப்பதைப் பெரியவர்களால் படிக்க முடிவதில்லை. ஆகவே வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் தாளில் எழுதிக் கொடும்மா" என்கிறோம். இந்த இடத்தில்தான் தப்பு நுழைகிறது. பிள்ளை அசட்டையாக எழுதுவதால் வரும் தப்பு அல்ல இது. உதவி செய்ய நினைத்து, புரியும்படி மாற்றி எழுதுவதால் வருகிற தப்பு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பால்மரம் வெட்டும் ஓர் அக்காள். வயது ஐம்பத்தெட்டு. இனிப்புநீர், இரத்தக்கொதிப்பு, கொழுப்பு மூன்றும் உண்டு. நவம்பர் 16-ஆம் தேதி டாக்டரைப் பார்த்து, ஒரு மாதத்துக்கு மருந்து வாங்கி வந்தார். சீட்டில் டாக்டர் கையால் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```
T. Metformin 500mg BD pc
T. Gliclazide 40mg OD ac
T. Amlodipine 5mg OD
T. Simvastatin 20mg ON
x 1/12
```

மருந்துப் பையில் ஒட்டியிருந்த லேபல் மலாயில் இருந்தது. அக்காளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, பைகளைத் தூக்கி எறிந்துவிட்டார். சீட்டின் படம் மட்டும் போனில் இருந்தது. மூன்றாம் படிவம் படிக்கிற பேத்தி அதைப் பார்த்து, பாட்டிக்குப் புரியட்டும் என்று அழகான தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்தத் தாளில் இப்படி இருந்தது: மெட்பார்மின் 500, இரண்டு மாத்திரை. கிளிகிளசைட் 40, ஒன்று. அம்லோடிபின் 5, ஒன்று. சிம்வாஸ்டாடின் 20, ஒன்று. டிசம்பர் முதல் தேதி வரை சாப்பிடவும்.

பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது? மருந்தின் பெயர்கள் சரி. எண்களும் சரி. ஆனால் அந்த ஒரு தாளில் நான்கு தப்புகள் இருந்தன.

முதல் தப்பு BD. இது லத்தீன் மொழியிலிருந்து வந்த குறி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று அர்த்தம். பிள்ளைக்கு 'இரண்டு' என்பது மட்டும் யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. இரண்டு வேளை என்பது இரண்டு மாத்திரை ஆகிவிட்டது. அக்காள் காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். ஒரு நாளின் மொத்த அளவு கூடவில்லை. ஆனாலும் மெட்பார்மின் வயிற்றைக் கலக்கக்கூடிய மருந்து. சாப்பாட்டுக்குப் பின், பிரித்துச் சாப்பிடச் சொல்வது அதற்காகத்தான். pc என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்று பொருள். அந்தக் குறியும் தாளில் ஏறவில்லை. வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை போட்டு, வயிற்றுப்போக்கோடு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டாவது தப்பு ac. சாப்பாட்டுக்கு முன் என்பது அதன் பொருள். படத்தில் அது ஏதோ கிறுக்கல் மாதிரி தெரிந்ததால் பிள்ளை விட்டுவிட்டாள். இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்து, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்குவது. சாப்பாட்டுக்கு முன் என்று டாக்டர் எழுதினால், அடுத்துச் சாப்பாடு வருகிறது என்ற கணக்கில்தான் எழுதுகிறார். நம் ஜனங்களோ விடியற்காலையில் ஒரு வரக்காப்பியைக் குடித்துவிட்டு வெட்டப் போகிறவர்கள். பசியாற பத்து மணிக்கு மேலாகிவிடும். ஒருநாள் காலை மரத்தடியிலேயே அக்காளுக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. பக்கத்து நிரையில் வெட்டியவர் ஓடி வந்து, இனிப்பான தேநீர் கொடுத்ததால் தெளிந்தார். அந்தத் தாளில் இரண்டே எழுத்துகள் இருந்திருந்தால் போதும். தாளைப் பார்க்கிற யாராவது, "இதென்ன ac?" என்று கேட்டிருப்பார்கள். விட்டுப்போன எழுத்தை யாரும் கேட்க முடியாது.

மூன்றாவது ON. இரவுதோறும் என்று அர்த்தம். பிள்ளை அதை ஆங்கிலத்தில் சாதாரணமாக வருகிற சொல் என்று நினைத்து விட்டுவிட்டாள். கொழுப்பை உடம்பு இரவில்தான் அதிகம் உற்பத்தி செய்கிறது என்பதால் இந்த மருந்தை இரவில் கொடுப்பார்கள். காலையில் சாப்பிட்டதால் ஆபத்து ஒன்றும் வரவில்லை. மருந்தின் பலன் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

நான்காவது தப்புதான் பெரியது. 1/12 என்பதைப் பிள்ளை தேதி என்று நினைத்துவிட்டாள். நம் நாட்டில் தேதியை அப்படித்தானே எழுதுகிறோம்? நவம்பரில் கொடுத்த சீட்டில் 1/12 என்றிருந்தால் டிசம்பர் முதல் தேதி என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் டாக்டர்களின் எழுத்தில் அது ஒரு மாதம். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், அதில் ஒன்று. அதேபோல 2/52 என்றால் ஐம்பத்திரண்டு வாரத்தில் இரண்டு வாரம். 5/7 என்றால் ஏழு நாளில் ஐந்து நாள். இது பிரிட்டிஷ் மருத்துவ வழக்கம். நம் நாட்டு டாக்டர்கள் இன்றும் இப்படி எழுதுகிறார்கள். அக்காள் டிசம்பர் முதல் தேதியோடு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். டின்னில் பாதி மருந்து மிச்சம். டிசம்பர் நடுவில் மறுபடி டாக்டரிடம் போனபோது சர்க்கரையும் கொதிப்பும் ஏறியிருந்தன. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டப் போனார். நல்லவேளை, அக்காள் அந்தச் சுவர்த் தாளையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். டாக்டர் தாளைப் படித்ததும் விஷயம் வெளியே வந்தது.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். பார்த்து எழுதுவது ஒரு வேலை. அர்த்தம் சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது. முதலில் டாக்டர் எழுதியதை அப்படியே எழுத வேண்டும். அதன் அர்த்தத்தை, தெரிந்தவரிடம் கேட்டு, பக்கத்தில் தனியாக எழுத வேண்டும். அப்போது அர்த்தத்தில் தப்பு வந்தாலும் மூலம் அப்படியே இருக்கும். யாராவது பார்த்துத் திருத்தலாம்.

படம் எப்படி இருக்க வேண்டும்?

சீட்டை மேசைமேல் சமமாக விரித்து, பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கையின் நிழல் விழக்கூடாது. சீட்டின் நான்கு மூலைகளும் படத்தில் இருக்க வேண்டும். மருந்தை எத்தனை நாளுக்கு என்பது பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். ஓரம் வெட்டுப்பட்டால் அதுவும் போயிற்று. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் தனியாகப் பிடியுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, சின்னப் புள்ளிகள் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் பிடித்தபடியே போய்ச் சேரும்.

புள்ளி என்று சொன்னேன். அதுதான் படத்தில் முதலில் தொலைகிற பொருள். 2.5 என்பதில் புள்ளி மறைந்தால் 25. கோடு போட்ட தாளில் அந்தக் கோட்டின்மேலேயே புள்ளி உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், தாளில் ஒட்டிய தூசியே புள்ளி மாதிரி தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலச் சீட்டு வீட்டில் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சீட்டு கையில் இருக்கும்போது படத்தை நம்பி எழுத வேண்டியதில்லை.

எழுதும் முறை

சீட்டில் ஐந்து வரி இருந்தால் உங்கள் தாளிலும் ஐந்து வரி இருக்க வேண்டும். இரண்டு மருந்தை ஒரே வரியில் சேர்க்காதீர்கள். நோயாளியின் பெயரையும் சீட்டின் தேதியையும் மேலே எழுதுங்கள். தேதி இருந்திருந்தால், நவம்பர் 16-இல் கொடுத்த சீட்டில் ஒரு மாத மருந்து என்று கணக்குப் போட யாருக்காவது தோன்றியிருக்கும். டாக்டரின் கையெழுத்தை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். 'கையெழுத்து உள்ளது' என்று எழுதினால் போதும்.

மருந்தின் பெயரை ஆங்கில எழுத்திலேயே, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். தமிழ் மேல் எனக்கு அன்பு குறைவில்லை. ஆனால் தமிழில் ஒரே 'க' ஆங்கிலத்தின் இரண்டு மூன்று எழுத்துகளுக்கு நிற்கிறது. 'ப'வும் அப்படியே. தமிழில் எழுதியதை மறுபடி ஆங்கிலமாக்கும்போது எந்த மருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர்களோ ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. Carbimazole என்பது தொண்டைக் கழலைச் சுரப்பி அதிகமாக வேலை செய்தால் கொடுக்கிற மருந்து. Carbamazepine என்பது வலிப்புக்குக் கொடுப்பது. முதல் நான்கு எழுத்து இரண்டிலும் ஒன்றே. நடுவில் ஓர் எழுத்தை ஊகித்தால் நோயே மாறிவிடும்.

டாக்டர் சுருக்கி எழுதியதை விரிக்காதீர்கள். PCM என்றிருந்தால் PCM என்றே எழுதுங்கள். OD என்றிருந்தால் OD. நம் நாட்டுச் சீட்டில் OD என்றால் நாளைக்கு ஒரு வேளை. வேறு நாடுகளில் கண் டாக்டர் அதையே வலது கண் என்ற அர்த்தத்தில் எழுதுவார். எங்கே, எதற்கு எழுதினார் என்று பார்த்து அர்த்தம் சொல்வது மருந்தாளரின் வேலை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, வெட்டுக்கோடு எல்லாம் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

அளவையும் மாற்றக்கூடாது. 1g என்றிருந்தால், பாட்டிக்குப் புரியட்டும் என்று 1000mg ஆக்காதீர்கள். முக்கியமாக mcg, mg இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். தொண்டைச் சுரப்பி குறைவாக வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற தைராக்சின் மாத்திரையில் 50mcg என்று போட்டிருக்கும். நடுவில் ஒரு c விட்டுப்போனால் அளவு ஆயிரம் மடங்கு. இன்சுலின் சீட்டில் 10U என்றிருக்கும். U என்பது யூனிட். டாக்டர் அவசரத்தில் எழுதும்போது அந்த U-வின் வாய் மூடிக்கொண்டால் பூஜ்யம் மாதிரி ஆகி, 10 யூனிட் 100 ஆகத் தெரியும். அந்த இடத்தில் எழுத்தா எண்ணா என்று சந்தேகம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

டாக்டர் 10mg என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 5mg என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்களும் 10mg எழுதி அடித்து, பக்கத்தில் 5mg எழுதுங்கள். அடித்ததை விட்டுவிட்டால் அளவு மாறிய விஷயமே மறைந்துபோகும். உங்கள் கை தவறி எழுதினால், எண்ணின்மேல் எண்ணைப் போட்டுத் திருத்தாதீர்கள். அந்த வரி முழுவதையும் அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதுங்கள்.

போனில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் தானாகவே சொற்களைத் திருத்தும். அதற்கு மருந்துப் பெயர் தெரியாது. தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். தட்டச்சு செய்யுமுன் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். முடித்ததும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

படிக்க முடியாவிட்டால்?

ஊகிக்காதீர்கள். தெரிந்த எழுத்துகளை எழுதி, தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு, கேள்விக்குறி போடுங்கள். இப்படி:

```
T. Gli?????ide 40mg OD ac
```

இந்த வரி அரைகுறையாகத் தெரியலாம். ஆனால் இதுதான் நேர்மையான வரி. இதே மாதிரி தொடங்கி இதே மாதிரி முடிகிற இன்னொரு இனிப்புநீர் மருந்தும் உண்டு. Glibenclamide என்று பெயர். அதன் அளவு வேறு. ஐந்து மில்லிகிராம் மாத்திரையாக வருவது. கேள்விக்குறியைப் பார்த்தால் மருந்தாளர் நின்று விசாரிப்பார். 40mg என்ற அளவு, மருந்துப் பை, பழைய பதிவு எல்லாவற்றையும் பார்த்து எது என்று முடிவு செய்வார். ஊகித்து முழுப் பெயராக எழுதிவிட்டால் அவர் விசாரிக்க இடமே இருக்காது.

ஓர் உபாயம் உண்டு. அதே டாக்டர் அதே சீட்டில் வேறு சொற்களில் அந்த எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவருடைய a எப்படி, அவருடைய 1 எப்படி, 7 எப்படி என்று ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். மருந்துப் பையின் லேபலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் லேபலில் இருப்பதைச் சீட்டின் வரியில் சேர்க்காதீர்கள். 'பையில் இப்படி இருக்கிறது' என்று தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதுதான் மருந்தாளர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

"டாக்டரே தப்பாக எழுதியிருந்தால்?" என்று ஒரு சகோதரர் என்னைக் கேட்டார். அப்போதும் எழுதியபடியே எழுதுங்கள். பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். மருந்தாளரிடம் காட்டினால் அவர் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பார். நாம் திருத்தினால் தப்பு நடந்ததே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஒத்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் இன்னொருவரை உட்கார வையுங்கள். ஒருவர் படத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படிக்கட்டும். மற்றவர் தாளில் விரல் வைத்துப் பார்த்து வரட்டும். கடைசி வரியிலிருந்து மேலே போவது நல்லது. மேலிருந்து படித்தால் மனம் பழகின வழியிலேயே ஓடி, இல்லாததையும் இருப்பதாகப் படித்துவிடும். எண்களை 'ஐநூறு' என்று சொல்லாமல் 'ஐந்து, பூஜ்யம், பூஜ்யம்' என்று சொல்லுங்கள்.

பிறகு தாளின் வலது பக்கத்தில் கோடு கிழித்து, அர்த்தம் எழுத இடம் விடுங்கள். மருந்தாளரிடமோ தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமோ காட்டி, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுங்கள். காலை, மதியம், இரவு, எத்தனை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா, எந்த நாள் வரை. விடிய வேலைக்குப் போகிறவர் என்றால் பசியாறும் நேரத்தையும் அவரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் அவர் மாத்திரையின் நேரத்தைச் சொல்ல முடியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் எழுதிய தாள் மருந்துச் சீட்டு ஆகாது. டாக்டர் கையெழுத்தும் தேதியும் போட்டதுதான் சீட்டு. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி சீட்டு வேண்டிய மருந்தை உங்கள் தாளைக் காட்டிக் கடையில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அந்தத் தாள் வீட்டில் பார்த்துச் சாப்பிடவும், அவசரத்துக்கு வேறு டாக்டரிடம் போனால் காட்டவும்தான். மூலச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடையாளக் கார்டு எண் தெரிகிற படத்தைக் குழுக்களில் பரப்பாதீர்கள்.

அந்த அக்காளின் பேத்தியை நான் கூப்பிட்டுப் பேசினேன். பிள்ளை அழுதேவிட்டாள். "தாத்தா, எனக்குத் தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி எழுதிட்டேன்" என்றாள். புதுத் தாள் கொடுத்து, அதே படத்தைப் பார்த்து எழுதச் சொன்னேன். இந்தத் தடவை ஐந்து வரியையும் சீட்டில் உள்ளபடியே எழுதினாள். ac என்ற இடத்தில் கொஞ்ச நேரம் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுத்து தெளிவில்லை என்று கேள்விக்குறி போட்டு என்னிடம் நீட்டினாள். அந்தக் கேள்விக்குறிக்கு நான் பதில் சொன்னேன். அவள் அதை வலது பக்கத்தில் தமிழில் எழுதினாள்: 'சாப்பாட்டுக்கு முன். சாப்பிடாமல் காட்டுக்குப் போகக்கூடாது.'